மொட்டை போட்ட பிறகு வரும் மூன்று மணி நேரம்

அக்கா மகளுக்குத் திருச்செந்தூரில் முதல் மொட்டை போட்டது 2018 மே மாதம். குழந்தைக்கு அப்போது 11 மாதம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முடியிறக்க வேண்டும் என்பதால் என் மடியில் வைத்தார்கள். பிரசவ நேரத்தில் அக்காவுக்குச் சிக்கலாகிப் பதறிப்போயிருந்தபோது, தாயும் பிள்ளையும் நல்லபடியாகத் தேறினால் நானும் முடி கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அதனால் அன்று ஒரே இடத்தில், ஒருவர் பின் ஒருவராக, இரண்டு மொட்டை.

நேர்த்திக்கடன் மனநிறைவாக முடிந்தது. ஆனால் அன்று இரவு என்னால் தலையணையில் தலை வைக்க முடியவில்லை. மூன்றாம் நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடினோம். இரண்டுமே தவிர்த்திருக்கக் கூடியவை. ஐந்து வருடம் கழித்து அக்காவின் இரண்டாவது பிள்ளைக்கு மொட்டை போட்டபோது தவிர்த்தும் காட்டினோம். இந்த இரண்டு பயணங்களுக்கும் நடுவே நான் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தடவை நாங்கள் செய்த பெரிய பிழை நேரம். வீட்டிலிருந்து கிளம்பவே காலை எட்டு மணியாகிவிட்டது. முடியிறக்கி முடிக்கும்போது மணி 10.45. அதன் பிறகு கடலில் குளியல், நாழிக்கிணற்றில் குளியல், தரிசனம், கடைத்தெரு என்று பகல் ஒன்றரை மணி வரை நான் வெறும் தலையோடு இருந்தேன். அக்கினி நட்சத்திர வெயில். கடலில் நின்றபோது காற்று குளிர்ச்சியாக வீசியதால் தலை சுடுவதே தெரியவில்லை. பெரியம்மா சந்தனத்தைக் குழைத்துத் தலை முழுக்கப் பூசிவிட்டார். ஜில்லென்று இருந்தது. அந்த ஜில்லிப்பை நம்பித்தான் மேலும் இரண்டு மணி நேரம் வெயிலில் திரிந்தேன்.

குழந்தை விஷயம் வேறு. முடியெடுத்தவர் அனுபவசாலி. எங்கள் கண்ணெதிரிலேயே புது பிளேடை உறையிலிருந்து எடுத்துப் பாதியாக உடைத்துக் கத்தியில் பொருத்தினார். பொறுமையாகத்தான் எடுத்தார். இடது காதுக்கு மேலே வரும்போது எங்கேயோ மேளம் ஒலிக்க, குழந்தை வெடுக்கென்று தலையைத் திருப்பிவிட்டாள். அரிசி நீளத்துக்கு ஒரு கீறல். அந்தச் சின்னக் கீறலிலிருந்து ரத்தம் காது வழியாக ஒழுகி என் வேட்டி நனைந்தது. அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள்.

தலைத்தோலில் வெட்டுப்பட்டால் ரத்தம் அதிகமாகத்தான் வரும். அங்கே ரத்தக்குழாய்கள் நெருக்கமாக இருக்கின்றன. கையிலோ காலிலோ வெட்டுப்பட்டால் அறுபட்ட குழாய் தானாகச் சுருங்கி மூடிக்கொள்ளும். தலையிலோ அந்தக் குழாய்களைச் சுற்றியுள்ள நார்த்திசு அவற்றை இறுகப் பிடித்து வைத்திருப்பதால் அவை எளிதில் சுருங்குவதில்லை. ஆகவே ரத்தத்தின் அளவைப் பார்த்துக் காயத்தின் ஆழத்தை எடைபோடக் கூடாது. இதை யாராவது அன்று சொல்லியிருந்தால் எங்களுக்குப் பாதிப் பதற்றம் குறைந்திருக்கும்.

அன்று நாங்கள் என்ன செய்தோம்? துண்டை வைத்து அழுத்தினோம். அரை நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்து, நின்றுவிட்டதா என்று பார்த்தோம். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அப்போதுதான் கட்ட ஆரம்பித்த ரத்தம் துண்டோடு பிய்ந்து வந்தது, மறுபடியும் ஒழுகியது. பக்கத்தில் இருந்த ஒருவர் படிகாரம் கொடுத்தார், தடவினோம், குழந்தை வீறிட்டது. கடைசியில், சந்தனம் வைத்தால் நின்றுவிடும் என்று சொல்லிப் பெரியம்மா கீறலின் மேல் ஒரு விரல் சந்தனத்தை அப்பினார். உண்மையிலேயே நின்றது. எல்லோரும் நிம்மதியாகக் கடலுக்குப் போனோம்.

சரியான முறை இவ்வளவுதான்: சுத்தமான காட்டன் துணியையோ மருந்துக்கடையில் கிடைக்கும் காஸ் துணியையோ நான்காக மடித்துக் காயத்தின் மேல் வைத்து, விரல்களால் ஒரே சீராக அழுத்திக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 10 நிமிடம். நடுவில் எடுத்துப் பார்க்கவே கூடாது. துணி நனைந்து வந்தால் அதை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொரு துணியை வைக்க வேண்டும். குழந்தையாக இருந்தால் உச்சிக்குழியின் மேல் அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது ஒன்று, ஒன்றரை வயது வாக்கில்தான் மூடும். பிளேடுக் கீறல்களில் பத்துக்கு ஒன்பது இந்தப் பத்து நிமிட அழுத்தத்திலேயே அடங்கிவிடும் என்பது நான் கண்டது.

படிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது திசுவைச் சுருக்கி ரத்தத்தை நிறுத்தும் என்பது உண்மைதான். ஆனால் பலர் தலையில் தேய்த்த அதே கட்டியை உங்கள் காயத்தில் தேய்க்க விடாதீர்கள். பிளேடு புதிதாக இருக்க வேண்டும் என்று நாம் கவனமாகப் பார்ப்பதே இன்னொருவர் ரத்தம் நம் காயத்தில் படக்கூடாது என்பதற்குத்தான். பொதுக் கட்டியும் பொதுத் துண்டும் அந்தக் கவனத்தை வீணாக்கிவிடும்.

அன்று மாலை ஐந்து மணிக்கு எனக்குத் தலைத்தோல் இறுகுவதுபோல் இருந்தது. ஏழு மணிக்கு எரிச்சல். கண்ணாடியில் பார்த்தால் பெரிதாகச் சிவப்பு தெரியவில்லை. நான் மாநிறத்தைவிடக் கறுப்பு. நமக்கெல்லாம் வெயில் ஒன்றும் செய்யாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆனால் தொட்டால் அடுப்பருகே இருந்த பாத்திரம்போல் சுட்டது. நள்ளிரவில் வலி உச்சத்துக்குப் போனது. வெயில் காயத்தின் இயல்பே அப்படித்தான். வெயிலில் நிற்கும்போது தெரியாது. மூன்று முதல் ஐந்து மணி நேரம் கழித்து ஆரம்பிக்கும். 12 முதல் 24 மணி நேரத்தில் உச்சம் தொடும். நான்காம் நாள் வாக்கில் தோல் உரியும். எனக்கு ஐந்தாம் நாள் உரிந்தது. உச்சியும், அதன் முன்பக்கச் சரிவும், இரண்டு காதுகளின் மேல் விளிம்பும்தான் அதிகம் அடிபட்டிருந்தன.

முகமும் கையும் ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வெயில் பட்டுப் பட்டு நிறம் ஏறிப் பழகியவை. தலைத்தோல் அப்படியல்ல. இத்தனை வருடமாக முடிக்குக் கீழே நிழலில் இருந்த தோல் அது. மொட்டை போட்டவுடன் யாருடைய தலையும் முகத்தைவிட ஓரிரு படி வெளுத்துத் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த வெளுப்புதான் அதன் பலவீனம். போதாக்குறைக்குப் பிளேடு முடியோடு சேர்த்துத் தோலின் மேலடுக்கையும் மெல்லியதாகச் சுரண்டியிருக்கும். இப்படிப்பட்ட தோலை, நண்பகல் சூரியன் செங்குத்தாக விழும் கோணத்தில், உடம்பின் உச்சியில் ஏந்திக்கொண்டு நடக்கிறோம். கடற்கரையில் மேலிருந்து வருவது மட்டுமல்ல. காய்ந்த மணல் புற ஊதாக்கதிரில் சுமார் 15 சதவீதத்தையும், அலை நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அடிக்கும். காது மடலும் பின்கழுத்தும் வெந்துபோவதில் அதற்கும் பங்குண்டு.

சந்தனம் குளிர்ச்சி தருவது பொய்யல்ல. ஈரம் ஆவியாகும்போது தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அது சூட்டுக்கு மருந்து. ஆனால் தோலைக் காயப்படுத்துவது சூடு அல்ல, புற ஊதாக்கதிர். அதைத் தடுக்கும் அளவுக்குச் சந்தனப் பூச்சு தடிமனாகவும் சீராகவும் இருப்பதில்லை; காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்து உதிர்ந்துவிடும். தலை சுடவில்லை என்பதால் நாம் நிழல் தேடாமல் இருந்துவிடுகிறோம். எனக்கு நடந்தது அதுதான். கடலில் முக்கியெடுத்த ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டதையும் பாதுகாப்பு என்று நம்பினேன். மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி நனைந்துவிட்டால், காய்ந்திருக்கும்போது தடுப்பதைவிடக் குறைவாகவே கதிரைத் தடுக்கும் என்பதைப் பின்னால்தான் அறிந்தேன்.

அந்த இரவில் எனக்குக் கைகொடுத்தது சாதாரணக் குழாய்த் தண்ணீர். பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து 15 நிமிடம் தலையில் போடுவது, எடுத்துவிடுவது, மறுபடியும் போடுவது. ஐஸ் வைக்கக் கூடாது. தேங்காய் எண்ணெய் தேய்க்கட்டுமா என்று அம்மா கேட்டாள். மருந்துக்கடைக்காரர் தொலைபேசியிலேயே வேண்டாம் என்று தடுத்துவிட்டார். சூடான தோலின் மேல் எண்ணெய் படலமாக நின்றால் சூடு வெளியேறாது. அவர் சொன்னபடி வலிக்கு ஒரு பாராசிட்டமால், நிறையத் தண்ணீர், மறுநாள் முதல் வாசனையில்லாத ஈரப்பதக் கிரீம். உரிய ஆரம்பித்த தோலைப் பிய்க்காமல் விட்டேன். கொப்புளம் வந்திருந்தாலோ, காய்ச்சல், வாந்தி, தலைசுற்றல் இருந்திருந்தாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. அது மருத்துவரிடம் போக வேண்டிய நிலை.

குழந்தைக்கு முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. காதுக்கு மேலே சந்தனம் கறுத்துக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ரத்தம் கட்டியிருக்கிறது, தானாக உதிரட்டும் என்று விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் காலை அந்த இடத்தைத் தொட்டாலே அழுதாள். பொருக்கின் ஓரத்தில் மஞ்சளாக நீர் கசிந்தது. சுற்றிலும் தடித்துச் சூடாக இருந்தது. காதுக்குப் பின்னால் பட்டாணி அளவுக்கு நெறி கட்டியிருந்தது. இந்த நான்கும்தான் சீழ் பிடித்ததன் அடையாளம் என்று மருத்துவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். வெதுவெதுப்பான உப்புநீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்து அந்தச் சந்தனப் பொருக்கை எடுத்தபோது, அடியில் காயம் மூடவே இல்லை. பொருக்கு மேலே கூரைபோல் இருக்க, அழுக்கு உள்ளேயே தங்கியிருந்தது.

அவர் பெரியம்மாவைக் குறை சொல்லவில்லை. ஒன்றுதான் சொன்னார்: “திறந்த காயத்தில் எந்தப் பொடியும் வேண்டாம் அம்மா. சந்தனமானாலும் சரி, மஞ்சளானாலும் சரி, விபூதியானாலும் சரி. அந்தப் பொடி எந்தத் தண்ணீரில் குழைத்தது, எத்தனை பேர் விரல் பட்டது என்று நமக்குத் தெரியாது.” தடவுவதற்கு ஒரு களிம்பும், ஐந்து நாளைக்கு ஒரு மருந்தும் எழுதிக் கொடுத்தார். தடுப்பூசி அட்டையைப் பார்த்துவிட்டு, குழந்தைக்கு உரிய மூன்று தவணையும் போட்டிருப்பதால் தனியாக ரணஜன்னி ஊசி தேவையில்லை என்றார். என் பின்மண்டையிலும் இரண்டு கீறல்கள் இருந்தன. நான் கடைசியாக எப்போது அந்த ஊசி போட்டேன் என்று கேட்டார், பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது. எனக்குத்தான் போட்டு அனுப்பினார்.

இரண்டாவது பயணம் 2023 ஏப்ரல் கடைசியில். இந்த முறை அக்கா மகனுக்கு 10 மாதம். மறுபடியும் என் மடி, மறுபடியும் என் தலையும் சேர்த்து. கூடவே பெரியம்மாவும் முடி கொடுப்பதாக வேண்டியிருந்தார். அவருக்கு 64 வயது, சர்க்கரை உண்டு, இதயச் சிகிச்சைக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். ஆக, மூன்று தலை.

முந்தின நாள் மாலையே போய் விடுதியில் தங்கினோம். என்னைக் கேட்டால் மற்ற எல்லா முன்னேற்பாட்டையும் விட இதுதான் பெரியது. நம் தமிழ்நாட்டில் அறநிலையத் துறைக் கோயில்களில் 2021 முதல் முடிகாணிக்கைக்குக் கட்டணம் கிடையாது; அந்தச் சேமிப்போடு இன்னும் கொஞ்சம் போட்டு விடுதி அறை எடுப்பதை நான் வீண் செலவாகவே கருத மாட்டேன். விடியற்காலையில் முடியிறக்கினால் கடலும் கிணறும் தரிசனமும் வெயில் ஏறும் முன்பே முடிந்துவிடும். எவ்வளவு நேரம் வரை வெளியே இருக்கலாம் என்பதற்குக் கடிகாரமே வேண்டாம். தரையில் விழும் உங்கள் நிழலைப் பாருங்கள். அது உங்கள் உயரத்தைவிட நீளமாக இருக்கும்வரை கதிரின் கடுமை குறைவு. உங்களைவிடக் குட்டையாகிவிட்டால் மொட்டைத் தலைக்கு வெளியே வேலை இல்லை.

கைப்பையில் கொண்டுபோனவை அதிகமில்லை. வெந்நீர் காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீர், காஸ் துணி ஒரு கட்டு, சின்ன டப்பா பெட்ரோலியம் ஜெல்லி, துவைத்துக் காயவைத்த மூன்று பருத்தித் துண்டுகள், குடை, சுற்றிலும் விளிம்புள்ள பருத்தித் தொப்பி மூன்று, ஒரு சன்ஸ்கிரீன். தொப்பி வாங்கும்போது ஒன்றைக் கவனித்தேன். முன்பக்கம் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் தொப்பி காதையும் பின்கழுத்தையும் காப்பாற்றாது. கம்பளி நூல் தொப்பி வியர்த்துப் புழுங்கும். உள்ளே தையல் துருத்திக்கொண்டிருந்தால் புதிதாகச் சிரைத்த தோலில் அது உரசி உரசிப் புண்ணாக்கும்.

முடியெடுப்பவரிடம் மூன்று விஷயம் சொன்னேன். குழந்தையின் பிடரியில் ஒரு மச்சம் இருக்கிறது, பெரியம்மாவுக்கு உச்சியில் ஒரு சின்னப் பாலுண்ணி இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினேன். ஈரமான முடிக்கு அடியில் அவை கண்ணுக்குத் தெரியாது. பிளேடு பட்டபின்தான் தெரியும். இரண்டாவது, பெரியம்மாவின் நீளக் கூந்தலை முதலில் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டுப் பிறகு நனைத்து எடுக்கச் சொன்னேன். தலையை நன்றாக நனைத்து மூன்று நான்கு நிமிடம் ஊறவிட்டாலே முடி மெத்தென்று ஆகிப் பிளேடு இழுக்காமல் போகும். மூன்றாவது, வழவழப்பு வேண்டாம் என்றேன். முடி வளர்ந்த திசையில் ஒரு முறை இழுத்தாலே காணிக்கை நிறைவேறிவிடுகிறது. எதிர்த்திசையில் இன்னொரு முறை இழுத்தால் பளபளவென்று வரும். ஆனால் கீறல்கள் பெரும்பாலும் அந்த இரண்டாவது இழுப்பில்தான் விழுகின்றன. அவர் சிரித்துக்கொண்டே, “இப்படிச் சொல்பவர்கள் குறைவு. எல்லோரும் கை வைத்துப் பார்த்து இன்னும் எடு என்பார்கள்” என்றார். குழந்தையின் தலையை அக்கா இரண்டு கைகளாலும் தாடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அத்தான் எதிரே நின்று கைப்பேசியில் ஏதோ காட்டிக்கொண்டிருந்தார். ஒரு கீறல்கூட இல்லாமல் முடிந்தது.

பெரியம்மாவுக்குத்தான் காதோரம் ஒரு கீறல் விழுந்தது. பத்து நிமிடம் அழுத்தினேன், நிற்கவில்லை. ரத்தம் உறையாமைக்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இரு மடங்கு நேரம் பிடிக்கும் என்று தெரிந்துதான் வந்திருந்தேன். இன்னொரு பத்து நிமிடம் அழுத்தியபின் நின்றது. அப்போதும் நிற்காமல் போயிருந்தால் நேராக மருத்துவமனைக்குப் போயிருப்போம். காயத்தின் உதடுகள் பிரிந்து வாய் திறந்தாற்போல் தெரிந்தாலும் அப்படித்தான். அதற்குத் தையலோ ஒட்டுப்பசையோ தேவைப்படும். நின்ற பிறகு காய்ச்சிய தண்ணீரை ஊற்றிக் கழுவி, துணியால் ஒற்றி, பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாக ஒரு படலம் தடவினேன். அது காயம் காய்ந்து வெடிக்காமல் ஈரப்பதத்தோடு மூட உதவுகிறது. வேறு எதையும் வைக்கவில்லை.

“சந்தனம் இல்லாமல் எப்படிடா தம்பி சந்நிதிக்குப் போவது?” என்றார் பெரியம்மா. அவர் மனம் வருந்துவதை நான் விரும்பவில்லை. வீட்டிலேயே கல்லில் உரைத்து, காய்ச்சிய தண்ணீரில் குழைத்த சந்தனத்தைச் சின்னச் சம்புடத்தில் கொண்டுவந்திருந்தேன். கீறலுக்கு நான்கு விரல் தள்ளி உச்சியில் ஒரு வட்டம் வைத்துவிட்டேன். குழந்தைக்கும் அப்படியே. கடையில் விற்கும் மஞ்சள் பொடிகள் பலவற்றில் சந்தனத்தைவிடச் சாயமும் வாசனைத் திரவியமும்தான் அதிகம். புதிதாகச் சிரைத்த தலையில் அவை அரிப்பையும் தடிப்பையும் கிளப்பிவிடும். உரைத்த சந்தனமாக இருந்தாலும், விடுதிக்குத் திரும்பியதும் கழுவிவிட வேண்டும்.

கடல் குளியலை விடவில்லை. சூரியன் எழும் நேரத்தில் நான் முங்கி எழுந்தேன். பெரியம்மா இடுப்பளவு நீரில் நின்று தலையில் தெளித்துக்கொண்டார். குழந்தைக்கு உள்ளங்கையில் அள்ளிய நீரால் உச்சியில் மூன்று சொட்டு. உப்புநீர் தலையில் காய்ந்தால் தோல் வறண்டு இழுக்கும் என்பதால், கடலுக்குப் பின் நாழிக்கிணற்றில் நல்ல நீர் ஊற்றிக்கொள்ளும் வழக்கம் எனக்கு மிகவும் அறிவார்ந்ததாகத் தோன்றுகிறது. அலைக்கு அத்தனை அருகில் நல்ல நீர் ஊறும் அந்தக் கிணறு அன்றைக்கு என் தலைக்கு மருந்தாகவே இருந்தது.

பிறகு துண்டால் ஒற்றித் துடைத்துக்கொண்டு, தேய்க்காமல், நிழலில் அரை மணி நேரம் உட்கார்ந்தோம். சன்ஸ்கிரீனைச் சிரைத்த மறு நிமிடமே தடவினால் எரியும். தோல் கொஞ்சம் ஆறட்டும். நான் தேர்ந்தெடுத்தது துத்தநாக ஆக்ஸைடு கலந்த, வாசனையில்லாத, எஸ்.பி.எஃப். 30-க்கு மேற்பட்ட வகை. தோலின் மேலேயே தங்கி வேலை செய்வதால் குழந்தைகளுக்கும் மென்மையான தோலுக்கும் இதுவே ஏற்றது. வெள்ளையாகத் தெரியும், தெரியட்டும். ஆல்கஹால் கலந்த தெளிப்பான் வகைகள் சிரைத்த தலையில் நெருப்பாக எரியும். அளவு முக்கியம். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனி முதல் அடிவரை கோடாகப் பிதுக்கினால் வருவது உச்சந்தலைக்கு. காது மடல்களுக்கும் பின்கழுத்துக்கும் இன்னொரு விரல் அளவு. கீறலைச் சுற்றி ஒரு விரற்கடை இடம் விட்டுத் தடவ வேண்டும். கீறலுக்குத் தொப்பியே காவல். நெற்றி ஓரத்தில் தடவாமல் விட்டால் வியர்வையோடு வழிந்து கண்ணில் எரியாது. வெயிலில் இறங்க 20 நிமிடம் முன்பு தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும், தலை நனைந்தாலும் மறுபடி தடவ வேண்டும்.

குழந்தைக்குத் தடவும் முன், முந்தின நாளே முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு துளி வைத்துப் பார்த்துவிட்டோம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குச் சன்ஸ்கிரீன் பழக்க வேண்டாம். குடையும் தொப்பியும் நிழலும் மட்டும்தான். பெரிய குழந்தைக்கும் கிரீம் தடவியாயிற்று என்று தொப்பியைக் கழற்றிவிடக் கூடாது. நிழல் முதலில், தொப்பி அடுத்து, கிரீம் கடைசி.

அன்று காலை எட்டே முக்காலுக்கு விடுதி அறைக்குள் வந்துவிட்டோம். அடுத்து மாலை நாலரைக்குத்தான் வெளியே இறங்கினோம்.

ஊர் திரும்பிய பிறகு வரும் நாட்களில் பெரிய வேலை இல்லை. ஏசி பஸ்ஸில் வந்தபோது குழந்தைக்குத் தொப்பியைக் கழற்றவில்லை. முடியில்லாத தலை சீக்கிரம் குளிர்ந்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு முறை மென்மையான சோப்பால் கழுவினோம். சீயக்காய் போட்டுத் தேய்க்கவில்லை. தலையணை உறையைத் தினமும் மாற்றினேன். கீறல் மூடிய பிறகு, நான்காம் நாள் முதல் மிக மெல்லியதாக எண்ணெய் தொட்டோம்.

மூன்றாம் நாள் தொடங்கி ஒரு வாரம் அரிக்கும். வெட்டுப்பட்ட முடியின் முனை கூர்மையாக வளர்ந்து தோலை உறுத்துகிறது, அவ்வளவுதான். நகத்தால் சொறிந்தால் மயிர்க்கால்களில் அழுக்கு ஏறிக் கடுகளவு சீழ்ப் பொட்டுகள் கிளம்பும். எனக்கு பிடரியில் ஏழெட்டு வந்தன. பிதுக்காமல், வெதுவெதுப்பான ஈரத்துணியை ஒரு நாளைக்கு மூன்று முறை பத்துப் பத்து நிமிடம் வைத்தேன். மூன்று நாளில் அமுங்கிவிட்டன. அவை பரவினாலோ, வலித்தாலோ, பெரியம்மாவைப்போல் சர்க்கரை உள்ளவர்களுக்கு வந்தாலோ காத்திருக்கக் கூடாது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் மனம் கேட்காது. எங்கேயாவது, ஏற்கெனவே வேறொருவருக்குப் பயன்படுத்திய பிளேடால் உங்களுக்கு வெட்டுப்பட்டது என்று உறுதியாகத் தெரிந்தால், கூச்சப்படாமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரைகளைத் தேவையென்றால் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்க வேண்டும். மஞ்சள் காமாலை பி வகைக்கான தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்றும் கேட்பார்கள். காயத்தை அழுத்திப் பிதுக்காமல், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவிவிட்டுக் கிளம்புங்கள்.

தொப்பி எத்தனை நாளைக்கு? முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது. இரண்டு வாரத்தில் தலை கறுத்துத் தெரிவதைப் பார்த்துவிட்டு, முடி வந்துவிட்டது என்று வெயிலில் கிளம்பிவிடுகிறோம். கறுப்பாகத் தெரிந்தாலும் முடிகளுக்கு நடுவே தோல் திறந்துதான் இருக்கிறது. நான் ஒரு மாதம் முழுக்கத் தொப்பியோடுதான் வேலைக்குப் போனேன். அக்கா மகன் தன் தொப்பியைக் கழற்றி எறிவதை ஒரு விளையாட்டாக்கிக்கொண்டான். அதனால் தாடைக்குக் கீழே கட்டும் நாடாவை அக்கா தைத்துவிட்டாள். விரல் இரண்டு நுழையும் அளவு தளர்வாகக் கட்டி, தூங்கும்போது மறக்காமல் அவிழ்த்துவிட்டோம். பெரியம்மா மட்டும் தொப்பி வேண்டாமென்று சொல்லிவிட்டு, முந்தானையை இரண்டு மடிப்பாகத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டார். காதும் கழுத்தும் சேர்ந்தே மறைந்தன. மூன்று பேரில் அவர் தலைதான் கடைசிவரை கொஞ்சமும் கறுக்கவில்லை.